சத்தார் பாய் கடை ஏலக்காய் காபி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். காபி சரியில்லை என்றால் இன்னும் சீக்கிரம் வரும். அப்படிப்பட்ட நான் பதினெட்டு வருஷமாக ஒரே ஆளிடம் காபி குடித்துக்கொண்டு, ஒரு நாள்கூட டம்ளரைத் திருப்பி அனுப்பாமல் இருந்திருக்கிறேன் என்றால், அந்த ஆளைப் பற்றி நாலு வரி எழுதி வைப்பதுதான் மரியாதை.

அப்துல் சத்தாரின் கடை, எங்கள் பட்டுக் கடைகள் இருக்கும் தெருவிலிருந்து பிரியும் சந்தின் முனையில் இருக்கிறது. கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு அடுப்பு, ஒரு பித்தளை ஃபில்டர், பால் பாத்திரம், இடிக்கிற கல் உரல், பின்னால் ஒரு பெஞ்சு. பாய் டீ போடமாட்டார். கேட்டால், "எதிர்ல நல்லா போடுறாங்க, போய்க் குடிங்க" என்று அனுப்பிவிடுவார். அவர் போடுவது காபி மட்டும். வெறும் காபி, ஏலக்காய் காபி, பட்டை காபி, சுக்கு மிளகு காபி.

சுக்கு காபி என்றதும் பலருக்கு மல்லியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்க வைக்கிற கஷாயம்தான் ஞாபகம் வரும். அதில் காபி கிடையாது, பேர் மட்டும் காபி. பாய் கடையில் அந்த ஏமாற்று வேலை இல்லை. டிகாக்‌ஷன், பால், அதில் சுக்கும் மிளகும். அதுதான் என்னுடைய காபி. நாங்கள் ஜைனர்கள், ஊரில் நயினார் என்பார்கள்; மண்ணுக்கடியில் விளைகிற இஞ்சியைப் பச்சையாகத் தொடமாட்டோம். காய்ந்து சுக்கானால் சேர்த்துக்கொள்வோம். நான் இந்த விவரத்தைச் சொன்ன நாளிலிருந்து பாய் தன் கடைக்குள் பச்சை இஞ்சியே கொண்டுவந்ததில்லை. நான் நன்றி சொன்னபோது, "உங்களுக்காக ஒண்ணும் இல்ல நயினாரே, பச்சை இஞ்சிய பால்ல போட்டா திரிஞ்சு போவுது, எனக்குத்தான் நஷ்டம்" என்றார். அவர் அப்படித்தான். நல்லது செய்துவிட்டு, அதற்கு ஒரு சுயநலக் காரணம் கண்டுபிடித்துச் சொல்லுவார்.

சின்ன வயதில் ஆற்காட்டில் ஒரு பிரியாணி மாஸ்டரிடம் வேலை பார்த்தவர். அந்த மாஸ்டர் கரண்டியில் எடுத்து ருசி பார்க்கிற பழக்கத்தையே அனுமதிக்கமாட்டாராம். மூடியைத் திறந்து, ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளி, உப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதிலேயே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் பாய்க்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் தன் காபியைத் தானே ருசி பார்த்து நான் கண்டதில்லை. பாத்திரத்தின் மேல் குனிவார், ஒரு நொடி நிற்பார், இன்னும் ஒரு காயை நசுக்கிப் போடுவார், அல்லது போடமாட்டார். அவ்வளவுதான்.

ஏலக்காயை எத்தனை போடுவீர்கள் என்று என் மனைவி கனகமாலா ஒருமுறை கேட்டாள். "ஒரு லிட்டர் பாலுக்கு நாலுன்னு வைங்கம்மா, ஆனா காய் பெருசா சிறுசா, புதுசா பழசான்னு பாக்கணும்" என்றார். தோலோடு நசுக்கி, அடுப்பை அணைத்த பிறகு போட்டு, மூட வேண்டும். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை தெருவுக்குப் போய்விடும், டம்ளரில் நிற்காது. பட்டைக்கு நேர் எதிர். அது மெதுவாகத்தான் இறங்கும், ஆகவே பாலோடு ஆரம்பத்திலேயே போட வேண்டும். சுருள் சுருளாக, காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும் பட்டை, ஒரு விரல் கணு அளவு போதும். கெட்டியான மரப்பட்டை மாதிரி இருப்பதை ரொம்ப நேரம் கொதிக்க வைத்தால் துவர்க்கும், கொழகொழவென்று ஆகும். பட்டை போட்ட காபிக்குச் சர்க்கரையும் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். கனகமாலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டில் பட்டையைப் பொடியாக்கிக் காபித்தூளோடு ஃபில்டரில் கலந்துவிட்டாள். பொடி ஊறி ஃபில்டர் ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. நான் காபி இல்லாமல் கடைக்கு வந்து அன்று எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன்.

போன ஐப்பசி மழையில் பாய் காய்ச்சலில் படுத்தார். ஒரு வாரத்துக்கு மேல் கடை மூடியிருந்தது. திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் அடுப்பு பற்றிக்கொண்டது, என் சுக்கு மிளகு காபி வந்தது, குடித்தேன். மிளகு நாக்கில் சுருக்கென்றது, சுக்கு விழுங்கின பிறகு தொண்டையில் மெதுவாக ஏறியது. பழைய காபிதான். எனக்கு உயிர் வந்தது.

பக்கத்துக் கடை ராமராஜன்தான் முதலில் ஆரம்பித்தான். "அண்ணே, பாய் காபி முன்ன மாதிரி இல்லண்ணே."

"உன் நாக்கு முன்ன மாதிரி இல்லடா" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றேன். பார்ட்டி வந்து உக்காந்துக்கினு இருக்குது, ஏலக்காய் காபி வாங்கித் தர்றேன், அப்படியே வச்சுட்டுப் போறாங்க."

இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் தெருவில் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் ஒரு குடும்பமாக, சில சமயம் ஒரு வேனாக வருவார்கள். அரை நாள் உட்காருவார்கள். அவர்களுக்கு ஏலக்காய் காபி வாங்கித் தருவது எங்கள் வழக்கம். பாயின் வியாபாரத்தில் முக்கால்வாசி அதுதான். என்னைப் போலச் சுக்கு மிளகு குடிக்கிற ஆட்களை நம்பி அவர் அடுப்பு எரியவில்லை.

நான் ராமராஜனோடு சண்டை போட்டேன். அப்புறம் எதிர்ப் பட்டுக்கடைக்காரரோடும் போட்டேன். என் டம்ளரில் சரியாக இருக்கிற காபி, அதே அடுப்பில் அதே கையால் போட்டது, இவர்கள் டம்ளருக்குப் போகிற வழியில் எப்படிக் கெடும்? வேறு கடையில் வாங்க ஆசை, அதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் செய்தேன்.

ஒன்று மட்டும் உண்மை. ஒருவருமே பாயிடம் போய்ச் சொல்லவில்லை. நோயில் கிடந்து எழுந்து வந்திருக்கிறார், இப்போது போய் மனசை நோகடிப்பானேன் என்று எல்லோருக்கும் நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தோடு அவரவர் வேறு பக்கம் காபி வாங்க ஆரம்பித்தார்கள். பாய் மத்தியானத்திலேயே பால் மிஞ்சிப்போய் உட்கார்ந்திருந்தார். பட்டை காபியை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "நல்ல பட்டை கிடைக்கல" என்றார்.

தை பிறந்ததும் ஒரு நாள் என்னிடம், "கடைய விட்டுடலாம்னு இருக்கேன் நயினாரே" என்றார். "ஷிஃபா ஆம்பூருக்கு வந்துடுங்கன்னு கூப்பிட்டுக்கினே இருக்குது." ஷிஃபா அவர் மகள், அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்.

"எதுக்கு?"

"என் காபிய யாரும் குடிக்கல. ஏன்னு தெரியல. தெரிஞ்சா சரி பண்ணலாம்."

நான் குடிக்கிறேனே என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த வாரமே போளூரிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி என் கடைக்கு வந்தது. பெண், அம்மா, சித்தி, கூடவே பெண்ணின் அத்தை தில்லையம்மாள். அந்த அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "விளக்கு வெளிச்சத்துல கலர் மாறும், வெளிய கொண்டாந்து காட்டு" என்றார். எனக்கு இணையான ஆள் வந்துவிட்டது என்று புரிந்தது. பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். அவரே தூக்குவாளியில் ஏலக்காய் காபியும், எனக்குத் தனியாகச் சுக்கு மிளகும் கொண்டுவந்தார். டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

தில்லையம்மாள் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். கறை படுமே என்று நான் அவசரமாக அரக்குப் புடவையை நகர்த்தினேன்.

"யாருய்யா போட்டது இத?"

"நான்தாம்மா" என்றார் பாய்.

"இது காபியா, வாய் கொப்பளிக்கிற மருந்தா? ஏலக்காய் செலவு பண்ண வழி தெரியாம கொட்டி வச்சிருக்கே? தொண்டையெல்லாம் ஜில்லுனு ஆயிப்போச்சு. சோப்பு மாதிரி நாக்குல ஒட்டிக்கினு இருக்குது!"

பெண்ணின் அம்மா, "அண்ணி, சும்மா இருங்க" என்று கையைப் பிடித்தாள். எனக்கு வந்த கோபத்தில் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் பாய் முன்னால் வந்து, கும்பிடாத குறையாக நின்றார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா. ஏலக்காய் கூடவா? எவ்ளோ கூட?"

"எவ்ளோவா? இதுல போட்டது எங்க வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வரும்."

நான் தூக்கில் மீதியிருந்ததில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் உண்மை. காபியையே காணோம். பால் காணோம். கற்பூரம் சேர்த்த மாதிரி ஒரு குளிர்ச்சி தொண்டையில் இறங்கியது. உடனே என் டம்ளரைக் குடித்தேன். சுக்கும் மிளகும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ராமராஜனோடு போட்ட சண்டையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஏதோ ஒன்று மனசில் தட்டியது.

"பாய், உங்க பையில ஏலக்காய் இருக்குமே. ஒண்ண நசுக்கி மோந்து பாருங்க."

அவர் எடுத்தார். நகத்தால் பிளந்தார். மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"ஒண்ணும் இல்ல நயினாரே" என்றார். "காய்ச்சலுக்கு அப்பால ஒண்ணுமே இல்ல."

என் கடைப் பெஞ்சில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். மூக்குக்கு வாசனை தெரியாமல் போனது அவருக்கு முதல் நாளே தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு மனைவி சித்தாராவிடம்கூடச் சொல்லவில்லை. மூக்கு போனால் என்ன, நாக்கு இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காபியைத் தானே குடித்துப் பார்த்துப் போட ஆரம்பித்தார். மிளகின் காரம் தெரிந்தது, சுக்கின் சூடு தெரிந்தது. அவை வாசனை அல்ல, வாய் நேரடியாக உணர்கிற எரிச்சல், மூக்கு இல்லாமலும் தெரியும். அதனால் என் காபி தப்பித்தது. ஏலக்காயோ முழுக்க முழுக்க வாசனை. நாலு போட்டார், வெறும் பால் மாதிரி இருந்தது. ஆறு, எட்டு என்று ஏற்றிக்கொண்டே போனார். தொண்டையில் லேசாகக் குளிர்ச்சி தட்டியதும், இதோ ஏலக்காய் வந்துவிட்டது என்று நிறுத்தினார். அந்தக் குளிர்ச்சி வாயில் தெரிகிற அளவுக்குப் போட்டால் மூக்கு உள்ளவன் ஓடித்தான் போவான். பட்டையில் அதுகூடப் பிடிபடவில்லை, துவர்ப்பு மட்டும் தெரிந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

"இத்தினி நாளா யாரும் ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதனால்தான் கேட்க முடியவில்லை.

தில்லையம்மாள் இதையெல்லாம் புடவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தால், அந்த அம்மாளை உங்களுக்குத் தெரியாது.

"மோப்பம் தெரியலேன்னா தெரிஞ்சவங்களக் கேக்கணும். நடங்க, அடுப்பாண்ட போவலாம்."

கல்யாணப் பெண்ணையும் நூறு புடவையையும் என் தலையில் கட்டிவிட்டு அவர் சந்து முனைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். பாய் ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி இறக்கினார். தில்லையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு காய் நசுக்கிப் போட்டு மூடினார் பாய். கொஞ்ச நேரம் கழித்து டிகாக்‌ஷன் கலந்து கொடுத்தார்.

"பத்தல."

இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று.

"போதும். இதுக்கு மேல ஒண்ணு போட்டே, நான் இங்கியே உக்காந்து கத்துவேன்."

நாலுதான். பழைய நாலு. பாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நல்லா இருக்கணும்மா நீங்க, உங்க வூட்டுக் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் பதினெட்டு வருஷ சிநேகிதம் செய்யாததைப் போளூர் அம்மாள் ஒரு வாய் காபியில் செய்துவிட்டார். அவரை நினைத்தால் இன்றைக்கும் கைகூப்பத் தோன்றுகிறது. அன்று அவர் என்னிடம் ஒரு புடவைகூட எடுக்கவில்லை, ராமராஜன் கடையில் எடுத்தார், அதையும் மன்னித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பாய் கடையில் ஒரு சிலேட்டு தொங்கியது. சித்தாராவின் கையெழுத்து.

'எனக்கு இப்போது வாசனை தெரியாது. காபியில் எது கூடினாலும் குறைந்தாலும் தயவுசெய்து சொல்லவும்.'

"கடைக்காரன் தன் குறைய தானே எழுதி மாட்டுவானா பாய்? கழட்டுங்க!" என்று சத்தம் போட்டேன்.

"சொல்லாம இருந்துதான் கடைய மூடுற மாதிரி ஆச்சு நயினாரே. சொல்லிப் பாக்கறேனே."

சித்தாரா உள்ளிருந்து, "வூட்டுல பால் தீஞ்சுக்கினு இருக்குது, இவரு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாருண்ணே, அசையல. எனக்கு அப்பவே பகீர்னுது. கேட்டா சளிம்பாரு" என்றார். கோபமாகச் சொன்னார். ஆனால் அன்று முதல் ஏலக்காய் நசுக்குவது அவர் பொறுப்பானது.

சிலேட்டைப் பார்த்து யாரும் ஓடவில்லை. ராமராஜன்தான் முதலில் வந்தான். பிறகு எதிர்க்கடைக்காரர். ஒவ்வொரு பாத்திரத்திலும் முதல் டம்ளர் யாராவது ஒருவருக்குப் போகும். அவர் சரி என்றால்தான் பாய் மற்றவர்களுக்கு ஊற்றுவார். தெருவே திடீரென்று நாக்கு நிபுணர்களால் நிரம்பிவிட்டது. "காய் பழசு பாய்", "சூடு ஆறிடுச்சு, அதான் வாசனை எழல பாய்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். பட்டை காபியும் திரும்பி வந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காத எரிச்சல் அது, நல்ல எரிச்சல்.

டாக்டர், நரம்பு தேறி வாசனை திரும்பலாம், மாதக்கணக்கில் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் ஏலக்காய், கிராம்பு என்று எதையாவது முகர்ந்து பழகச் சொன்னார். பாய் தவறாமல் முகர்கிறார். இன்னும் ஒன்றும் வரவில்லை.

மாசியில் ரம்ஜான் நோன்பு ஆரம்பித்தது. கல்யாணப் புடவைக்குக் கூட்டம் வருகிற சமயமும் அதுதான். முதல் நோன்புக்கு முந்தின நாள் பாய் என்னிடம் வந்தார்.

"இத்தினி வருசமா நோம்புல மூக்க வச்சே ஓட்டிட்டேன். இந்த வாட்டி மூக்கும் இல்ல, பகல்ல வாயும் இல்ல. சித்தாராவும் நோம்பு. கடைக்காரங்களுக்கு சீசன், மொத டம்ளருக்கு வந்து நிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு மாசம் மூடிடறேன் நயினாரே."

ஒரு மாதம் மூடினால் மறுபடி திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆம்பூர் பஸ் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

"ராத்திரில நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன், தெரியும்ல பாய்?" என்றேன்.

"தெரியும். உங்க ஜைன வழக்கம், பொழுது சாஞ்சா நீங்க எதுவும் தொடமாட்டீங்க."

"நீங்க பொழுது சாயற வரைக்கும் தொடமாட்டீங்க. அப்ப பகலெல்லாம் என் வாய் சும்மாதானே இருக்குது? அத எடுத்துக்குங்க."

ஏலக்காய் காபி எனக்குப் பிடிக்காது. அந்த மாதம் முழுக்கக் குடித்தேன். சந்து முனைக்கும் கடைக்கும் நடந்து நடந்து என் தொப்பை குறைந்ததாகக் கனகமாலா சொன்னாள். கூடினால் கத்தினேன், குறைந்தாலும் கத்தினேன். இந்தக் கோபத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உபயோகம் கிடைத்தது.

அப்படி ஒரு நாள் சாயங்காலம். சூரியன் இறங்குவதற்குள் நான் கடைசி டம்ளரைக் குடித்து முடித்துவிட்டேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்து, தண்ணீர் குடித்தார். பிறகு அதே பாத்திரத்திலிருந்து தனக்கு அரை டம்ளர் ஏலக்காய் காபி ஊற்றிக்கொண்டார். மெதுவாகக் குடித்தார்.

"இனிப்பு தெரியுது" என்றார். "கசப்பு தெரியுது. சூடு தெரியுது." டம்ளரைப் பார்த்தார். "மீதி எப்படி இருக்குது நயினாரே?"

"மீதி நல்லா இருக்குது பாய்."

"அப்ப நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, முழுசாகக் குடித்து முடித்தார்.